விரைவு டெலிவரி ஆப்களின் பில்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

பத்து, பதினைந்து நிமிடத்தில் மளிகை கொண்டுவரும் ஆப்களை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பயன்படுத்தும் வீடுகளின் பில்களை ஆறு மாதத்துக்கு அடுக்கிப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். பொருளின் விலையில் ஏமாறுவது குறைவு. பணம் போவதெல்லாம் பொருள் பட்டியலுக்குக் கீழே, சின்ன எழுத்தில் இருக்கும் நாலைந்து வரிகளில்தான். டெலிவரி சார்ஜ், ஹேண்ட்லிங் சார்ஜ், ஸ்மால் கார்ட் சார்ஜ், மழைக் கட்டணம், கன்வீனியன்ஸ் ஃபீ என்று பெயர்கள் ஆப்புக்கு ஆப் மாறும், மாதத்துக்கு மாதம்கூட மாறும். அதனால் பெயரை மனப்பாடம் செய்து பயனில்லை. ஒவ்வொரு கட்டணமும் எதை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்று பார்க்கப் பழகினால் போதும். ஆர்டர் ஒன்றுக்கா, பொருள் ஒன்றுக்கா, சீட் ஒன்றுக்கா, அல்லது ஒரு குறிப்பிட்ட தொகைக்குக் கீழே போனால் மட்டுமா?

ஒரு சின்ன ஆர்டரை எடுத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்குத்தான், ஆனால் பில் இந்த வடிவத்தில்தான் வரும். ரொட்டி 50 ரூபாய், ஆறு முட்டை 54, கொத்தமல்லிக் கட்டு 12. பொருளின் கூட்டுத்தொகை 116 ரூபாய். முகப்பில் ‘199 ரூபாய்க்கு மேல் டெலிவரி இலவசம்’ என்று பச்சைப் பட்டை ஓடுகிறது. கார்ட்டைத் திறந்தால் கீழே ஒரே ஒரு மொத்தத் தொகை, 189 ரூபாய் என்று நிற்கும். அதற்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறியைத் தட்டினால்தான் பில் விரியும். டெலிவரி 30, ஹேண்ட்லிங் 12, ஸ்மால் கார்ட் 20. மூன்றும் சேர்ந்து 62. இந்தச் சேவைக் கட்டணங்கள் மீது 18 சதவீத ஜிஎஸ்டி, 11 ரூபாய் 16 பைசா. ஆக 116 ரூபாய்ப் பொருளுக்கு மேலே 73 ரூபாய். பல ஆப்களில் ஜிஎஸ்டி தனியாகத் தெரியாது. ‘வரிகளும் கட்டணங்களும்’ என்று ஒரே வரியாகச் சுருட்டி, பக்கத்தில் ஒரு ‘i’ குறி மட்டும் வைத்திருப்பார்கள். அந்தக் குறியைத் தட்டாமல் பணம் கட்டுகிறவர்கள்தான் அதிகம்.

இப்போது அதே கார்ட்டில் 85 ரூபாய்க்கு அரைக் கிலோ பருப்பைச் சேர்த்துப் பாருங்கள். பொருள் தொகை 201 ஆகிறது. டெலிவரியும் ஸ்மால் கார்ட்டும் போய்விடும், ஹேண்ட்லிங் மட்டும் நிற்கும். 12 ரூபாயும் அதன் வரி 2 ரூபாய் 16 பைசாவும் சேர்த்தால் மொத்தம் 215 ரூபாய். அதாவது 85 ரூபாய்ப் பருப்பு உங்களுக்கு 26 ரூபாய்க்குக் கிடைத்திருக்கிறது. பருப்பு எப்படியும் வாங்க வேண்டியதாக இருந்தால் இது லாபம்தான். வரம்பைத் தொட வேண்டும் என்பதற்காகவே ஒரு சிப்ஸ் பாக்கெட்டையும் சாக்லெட்டையும் போட்டால், வேண்டாத பொருளுக்கு 26 ரூபாய் கூடுதலாகக் கொடுத்ததாகத்தான் கணக்கு. தெருமுனைக் கடையில் அந்த மூன்று பொருளையும் 116 ரூபாய்க்கே வாங்கலாம் என்பதையும் ஒரு ஓரமாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த 199 வரம்பில்தான் கணக்கு அடிக்கடி இடறும். பெரும்பாலும் காரணம் கூப்பன். 201 ரூபாய் கார்ட்டில் 20 ரூபாய்க் கூப்பனைப் போட்டால், தள்ளுபடிக்குப் பிந்தைய 181 ரூபாயை வைத்து வரம்பைப் பார்க்கும் ஆப்கள் உண்டு. அப்போது டெலிவரி 30, ஸ்மால் கார்ட் 20, இரண்டுக்குமான வரி 9 ரூபாய் எல்லாம் சத்தமில்லாமல் திரும்பி வந்து உட்காரும். 20 ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் 59 ரூபாய் கூடுகிறது. ஆனால் திரையில் ‘கூப்பன் வெற்றி’ என்று வண்ணத்தாள் பறக்கும். கூப்பன் போடுவதற்கு முன்னும் பின்னும் பொருள் தொகையைப் பார்க்காமல், கடைசியில் கட்ட வேண்டிய தொகையைப் பாருங்கள். அது கூடியிருந்தால் கூப்பனை எடுத்துவிடுங்கள்.

இன்னொரு இடறல், பொருள் தீர்ந்துபோவது. கார்ட்டைக் காலையில் நிரப்பி வைத்து மாலையில் ஆர்டர் போடுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். இடையில் ஒரு பொருள் ஸ்டாக் இல்லாமல் கார்ட்டிலிருந்து கழன்றிருக்கும், தொகை வரம்புக்குக் கீழே இறங்கியிருக்கும். மழைக் கட்டணமும் நெரிசல் நேரக் கட்டணமும் அப்படித்தான். பொருளை எடுத்து வைத்த நேரத்தில் இருக்காது, பணம் கட்டப்போகும் நேரத்தில் இருக்கும். கடைசிச் சோதனைச் சாவடி யுபிஐ திரை. பின் நம்பரைப் போடுவதற்கு முன் அங்கே தெரியும் தொகைதான் உண்மையான விலை. கார்ட்டில் பார்த்த எண்ணோடு அது ஒத்துப்போகாவிட்டால் பின் போடாமல் திரும்பிவிடலாம்.

பணம் கட்டும் பக்கத்தில் இன்னும் இரண்டு வரிகளைத் தேடிப் பாருங்கள். ஒன்று, டெலிவரி செய்பவருக்கான டிப்ஸ். போன ஆர்டரில் மனமுவந்து 20 ரூபாய் கொடுத்திருந்தால், அடுத்த ஆர்டருக்கும் அதையே நினைவில் வைத்துச் சேர்க்கும் அமைப்பு சில ஆப்களில் இருக்கிறது. கொடுப்பதில் தவறில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் நீங்கள் தீர்மானித்துக் கொடுக்க வேண்டும். இரண்டு, நன்கொடை. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. நீங்கள் டிக் போடாமலே இப்படி ஒன்று சேர்ந்திருந்தால் அது விதிமீறல். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், முன்கூட்டியே டிக் செய்த பெட்டியை வாடிக்கையாளரின் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்கின்றன.

வேறு ஆன்லைன் கடைகளில் கேஷ் ஆன் டெலிவரியைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் அதற்கான கட்டணம் பில்லில் முளைக்கும். யுபிஐக்கு மாற்றிப் பாருங்கள், மறைந்துவிடும்.

மெம்பர்ஷிப் எடுத்தால் இதெல்லாம் போய்விடுமா? அரைகுறையாகப் போகும். மூன்று மாதத்துக்கு 150 ரூபாய் என்று ஒரு திட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். டெலிவரி 30 ரூபாய், வரியோடு 35 ரூபாய் 40 பைசா. ஐந்து ஆர்டரில் போட்ட பணம் திரும்பிவிடும் என்று கணக்குப் போடத் தோன்றும். அங்கேதான் தவறு. 199 ரூபாய்க்கு மேலான ஆர்டருக்கு மெம்பர்ஷிப் இல்லாமலே டெலிவரி இலவசம், அதனால் அவற்றை எண்ணக் கூடாது. மெம்பர்களுக்கும் 99 ரூபாய் போல ஒரு குறைந்தபட்சத் தொகை இருக்கும், அதற்குக் கீழானவற்றையும் எண்ணக் கூடாது. ஆக 99-க்கும் 199-க்கும் நடுவில் விழும் ஆர்டர்கள் மூன்று மாதத்தில் ஐந்தாவது இருக்கின்றனவா என்று பழைய ஆர்டர் பட்டியலைத் திறந்து எண்ணிப் பாருங்கள். வாரம் ஒருமுறை மொத்தமாக வாங்கும் வீட்டில் பெரும்பாலும் இருக்காது. ஹேண்ட்லிங் சார்ஜும் மழைக் கட்டணமும் பல திட்டங்களில் மெம்பருக்கும் உண்டு.

பில்லில் ‘நீங்கள் 62 ரூபாய் சேமித்தீர்கள்’ என்று வரும் பட்டையை நம்பி வீட்டுக் கணக்கு எழுதாதீர்கள். 30 ரூபாயைக் கோடு போட்டு அடித்து ‘இலவசம்’ என்று எழுதிவிட்டு, அந்த 30-ஐயும் சேமிப்பில் சேர்த்திருப்பார்கள்.

உணவு ஆப்களில் கதை கொஞ்சம் வேறு. அங்கே ஆர்டர் ஒன்றுக்கு ஒரு பிளாட்ஃபார்ம் ஃபீ இருக்கும். அதைவிடக் கவனிக்க வேண்டியது ஹோட்டல் போடும் பேக்கிங் சார்ஜ். சில ஹோட்டல்கள் இதை ஆர்டருக்கு ஒன்றாகப் போடாமல் ஐட்டத்துக்கு ஒன்றாகப் போடும். நாலு தோசைக்குத் தலா 10 ரூபாய் என்றால் 40 ரூபாய், வருவது ஒரே பொட்டலமாக இருந்தாலும். ஹோட்டல் மெனுவில் இருக்கும் விலையும் ஆப்பில் இருக்கும் விலையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

சினிமா டிக்கெட்டில் இந்தப் பெருக்கல் இன்னும் வெளிப்படை. 190 ரூபாய் டிக்கெட் நாலு, 760 ரூபாய். கன்வீனியன்ஸ் ஃபீ சீட்டுக்கு 30 என்றால் 120, அதன் மேல் 18 சதவீத வரி 21 ரூபாய் 60 பைசா. 901 ரூபாய் 60 பைசா கட்ட வேண்டும். இதோடு ஐஆர்சிடிசியை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே கட்டணம் டிக்கெட்டுக்கு ஒன்று, பயணிக்கு ஒன்று அல்ல. 2019 செப்டம்பரில் மறுபடி கொண்டுவந்தபோது ஏசி இல்லாத வகுப்புக்கு 15 ரூபாய், ஏசிக்கு 30, யுபிஐ வழியாகக் கட்டினால் முறையே 10, 20, அதோடு ஜிஎஸ்டி என்று வைத்தார்கள். ஸ்லீப்பரில் ஆறு பேருக்கு ஒரே பிஎன்ஆரில் போட்டு யுபிஐயில் கட்டினால் அந்தக் கணக்கில் மொத்தமே 11 ரூபாய் 80 பைசா. அதே ஆறு பேருக்கு மூன்று டிக்கெட்டாகப் போட்டால் மூன்று மடங்கு. ரயில் டிக்கெட்டை ரத்து செய்தாலும் இந்தத் தொகை திரும்பாது.

எது சட்டப்படி தவறு, எது வெறும் எரிச்சல் என்பதைப் பிரித்துக்கொள்வது நல்லது. எம்ஆர்பி 50 ரூபாய் ரொட்டிக்கு 52 போட்டால் அது குற்றம். 50 போட்டுவிட்டு டெலிவரிக்கு 30 தனியாகக் கேட்டால், பணம் கட்டும் முன் அதைக் காட்டியிருந்தால், எம்ஆர்பி மீறல் ஆகாது. மின்வணிக விதிகளின்படி மொத்த விலையை ஒரே எண்ணாகவும், அதற்குள் டெலிவரி, ஹேண்ட்லிங், வரி எல்லாவற்றையும் பிரித்தும் காட்ட வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் 13 வகைத் தந்திரங்களைத் தடை செய்கின்றன. நீங்கள் கேட்காததைக் கார்ட்டில் திணிப்பதும், விலையின் ஒரு பகுதியை மறைத்து வைத்துச் சொட்டுச் சொட்டாக வெளிவிடுவதும் அதில் அடக்கம். வெளிப்படையாகக் காட்டிய டெலிவரி கட்டணம் திணிப்பில் சேராது.

புகார் நிற்க வேண்டுமானால் மூன்று ஸ்கிரீன்ஷாட் வேண்டும். பொருள் பக்கத்தில் காட்டிய விலை, விரித்த பில், யுபிஐ ரசீது. இவற்றோடு இன்வாய்ஸையும் இறக்கி வையுங்கள். பல ஆப்களில் அது இரண்டாக வரும். பொருளுக்கு விற்பனையாளர் தருவது ஒன்று, கட்டணங்களுக்கு ஆப் நிறுவனம் தருவது இன்னொன்று. இரண்டையும் கூட்டினால் நீங்கள் கட்டிய தொகை வர வேண்டும். டிப்ஸும் நன்கொடையும் இன்வாய்ஸில் வராமல் போகலாம், அவற்றைக் கழித்தும் வித்தியாசம் இருந்தால் முதலில் ஆப்பின் உதவிப் பக்கத்தில் அந்த எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். ‘பில் அதிகம்’ என்று பொதுவாக எழுதினால் தயார் பதில்தான் வரும். ‘பில்லில் 189, இன்வாய்ஸ் இரண்டும் சேர்ந்து 177, மீதி 12 எதற்கு’ என்று எழுதினால் ஆள் பார்ப்பார். அங்கே தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பொருள் ஒன்று வராமல் போய்ப் பணம் திரும்பும்போதும் இதே கூட்டலைச் செய்யுங்கள், ஏனென்றால் பொருளின் விலை மட்டும் திரும்பி, ஹேண்ட்லிங்கும் அதன் வரியும் அப்படியே நின்றுவிடும்.