நீண்ட கோரிக்கையைத் துண்டு துண்டாக எஸ்எம்எஸ் அனுப்புவது: சில வருடப் பயன்பாட்டுக்குப் பின்

பம்ப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன். சிக்னல் வந்து வந்து போகும் இடங்களிலிருந்து உதிரி பாகங்கள் கேட்டு கிடங்குக்கு எழுத வேண்டியிருக்கும். டேட்டா இல்லாத இடத்திலும் எஸ்எம்எஸ் எப்படியாவது போய்விடும் என்பதால் அதையே நம்பியிருக்கிறேன். போகும்தான். ஆனால் நீளமாக எழுதினால் முழுதாகப் போகுமா என்பது வேறு விஷயம். சில வருடங்களாக நான் கடைப்பிடிக்கும் எண்ணிடும் முறையைப் பற்றித்தான் இந்தப் பகிர்வு.

முதலில், செய்தி ஏன் உடைகிறது என்று பார்ப்போம். ஒரு எஸ்எம்எஸ்ஸில் 140 பைட்தான் இடம். ஆங்கில எழுத்தில் அது 160 குறிகள். தமிழில் ஒரு குறிக்கு இரண்டு பைட் என்பதால் 70 தான். இந்த எழுபதும் நாம் கண்ணால் எண்ணும் எழுத்து அல்ல. 'தமிழ்' என்று எழுதினால் நமக்கு மூன்று எழுத்து, ஃபோனுக்கு ஐந்து குறி: த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி. எழுபதைத் தாண்டியதும் ஃபோன் தானே செய்தியை உடைத்து, ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஆறு பைட் ரகசியக் குறிப்பு வைக்கிறது: இது எந்தச் செய்தியின் துண்டு, மொத்தம் எத்தனை, இது எத்தனையாவது. அந்த ஆறு பைட் போக, துண்டுக்கு 67 குறிதான் மிஞ்சும்.

சரி, ஃபோனே எண் போடுகிறதே, நாம் எதற்குப் போட வேண்டும்? நான் கவனித்த வரை இதில்தான் பெரிய குறை. துண்டுகள் தனித்தனியாகப் பயணிக்கின்றன, வரிசை மாறியும் வரலாம். பெறுபவரின் ஃபோன் பெரும்பாலும் எல்லாத் துண்டும் வந்த பிறகே செய்தியைக் காட்டும். ஐந்தில் ஒன்று வழியில் நின்றுவிட்டால், வந்து சேர்ந்த நான்கும் அவர் கண்ணில் படாமலே கிடக்கலாம். வேறு சில ஃபோன்கள் வந்ததை மட்டும் காட்டிவிடுகின்றன, நடுவில் ஓட்டை இருப்பதைத் தெளிவாகச் சொல்லாமல். இரண்டாவது வகைதான் ஆபத்து. ஒன்றுமே வராவிட்டால் அவர் என்னைக் கேட்பார். அரைகுறையாக வந்தது வாசிக்க முழுசாகத் தெரிந்தால் கேட்க மாட்டார்.

அதனால் நானே எழுபது குறிக்குள் வெட்டித் தனித்தனிச் செய்தியாக அனுப்புகிறேன். அப்போது ஃபோன் எதையும் ஒட்டவைக்கக் காத்திருக்காது. வந்தது வந்தபடி தெரியும். இரண்டு பம்ப்புக்குப் பாகம் கேட்கும் கோரிக்கை ஒன்று இப்படி இருக்கும்:

```
ப 1/4. பழுது: 2 பம்ப். நாளை காலைக்குள் பொருள் வேண்டும்.
ப 2/4. முதல் பம்ப்: பேரிங் 6205 இரண்டு, ஷாஃப்ட் சீல் 1.
ப 3/4. இரண்டாம் பம்ப்: பேரிங் 6206 இரண்டு. சீல் வேண்டாம்.
ப 4/4. கிரீஸ் அரை கிலோ. எல்லாம் ஒரே பார்சலில்.
```

ஒவ்வொரு வரியும் ஒரு செய்தி. இதில் மூன்றாவது வரவில்லை என்று வையுங்கள். எண் இல்லாவிட்டால் கிடங்கில் இருப்பவர் என்ன நினைப்பார்? இரண்டு பம்ப், பேரிங் 6205, கிரீஸ். இரண்டாவதற்கும் அதே பேரிங்தான் போல என்று நாலாக எடுத்துக் கட்டிவிடுவார். 6205-இன் உள்விட்டம் 25 மில்லிமீட்டர், 6206-க்கு 30. ஷாஃப்ட்டில் ஏறவே ஏறாது. எண் இருந்தால் 2/4-க்கு அடுத்து 4/4 நிற்பதைப் பார்த்ததும் கை நின்றுவிடும்.

மொத்த எண்ணை ஏன் ஒவ்வொன்றிலும் போட வேண்டும்? வெறும் 1, 2, 3 என்று போட்டால் நடுவில் விட்டுப்போனது தெரியும், கடைசியில் விட்டுப்போனது தெரியாது. மூன்று வந்து நான்காவது வராவிட்டால் பெறுபவருக்கு அது முடிந்துபோன கோரிக்கைதான். எத்தனை வரும் என்று முன்கூட்டியே தெரியாத சமயத்தில் 1, 2, 3 என்று போட்டுக்கொண்டே போய், கடைசித் துண்டில் மட்டும் '5 முற்றும்' என்று எழுதுகிறேன். முற்றும் வராத வரை அங்கே பொருள் கட்டக் கூடாது என்பது எங்களுக்குள் பேச்சு. ஆனாலும் முழுதாக எழுதி முடித்துவிட்டு, வெட்டி, எண்ணிட்டு அனுப்புவதே எனக்குப் பிடித்தது.

முன்னால் நிற்கும் 'ப' அந்தக் கோரிக்கையின் அடையாளம். அடுத்த கோரிக்கை 'ம', அதற்கடுத்தது 'ர'. இதை ஆரம்பத்தில் தேவையில்லாத அலங்காரம் என்றே நினைத்தேன். நேற்று அனுப்பிய 3/4 சர்வரில் தங்கி, இன்று சிக்னல் கிடைத்ததும் வந்து இறங்கும்; இன்றைய கோரிக்கையும் நான்கு துண்டாக இருந்தால் இரண்டும் கச்சிதமாகக் கலந்துவிடும். ஓர் எழுத்துச் செலவில் அந்தக் குழப்பம் நின்றுவிடுகிறது. எண்ணும் அடையாளமும் எப்போதும் துண்டின் தலையில்தான். வாலில் போட்டால் பட்டியலில் செய்தியின் முதல் சில சொற்களை மட்டும் பார்க்கும்போது தெரியாது.

எண்ணைவிட எனக்கு அதிகம் பழக்க வேண்டியிருந்தது எழுதும் விதத்தை. 'மேலே சொன்னதில் பாதி', 'அதே போல இன்னும் இரண்டு' என்றெல்லாம் எழுதவே கூடாது. மேலே சொன்னது வராமலே இருக்கலாம். 'இன்னும் இரண்டு' என்ற துண்டை மறுபடி அனுப்பினால் நான்காகிவிடும். அளவை எப்போதும் மொத்தமாக எழுதினால் ஒரே துண்டு இரண்டு முறை போனாலும் கெடுதல் இல்லை. வெட்டுவதும் பொருள் முடியும் இடத்தில்தான். 'சீல்' ஒரு துண்டிலும் 'வேண்டாம்' அடுத்த துண்டிலும் விழுந்தால், வேண்டாததுதான் வந்து சேரும்.

கிடங்கிலிருந்து வரும் பதிலும் எண்ணிலேயே இருக்கும்: 'ப 1,2,4 வந்தது. 3 இல்லை.' நான் அந்த மூன்றாவதை ஓர் எழுத்தும் மாற்றாமல் அதே எண்ணில் மறுபடி அனுப்புவேன். மாற்றம் ஏதும் இருந்தால் 'ப 3/4 திருத்தம்' என்று எழுதி, முழு வரியையும் புதிதாகக் கொடுப்பேன். வெவ்வேறு பொருளோடு இரண்டு 3/4 இருந்தால், பின்னால் வந்ததுதான் புதியது என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. பழையது தாமதமாக வந்திருக்கலாம்.

டெலிவரி ரிப்போர்ட்டை நம்பி இதை விட்டுவிடலாமா என்று அப்புறம் பார்த்தேன். ஓரளவு உதவுகிறது. துண்டு அவர் ஃபோனில் இறங்கியதை அது சொல்லும். அவர் படித்தாரா, நான்கையும் சேர்த்துப் பார்த்தாரா என்று சொல்லாது. அவர் கையால் எழுதி அனுப்பும் '1,2,4' தான் எனக்குக் கணக்கு.

குறையும் உண்டு. ஒவ்வொரு துண்டிலும் ஏழு குறி எண்ணுக்கே போகிறது, துண்டு கூடக்கூட எஸ்எம்எஸ் செலவும் கூடுகிறது. ஆறு ஏழைத் தாண்டினால் நான் வெட்டுவதை விட்டுவிட்டுச் சிக்னல் உள்ள மேட்டுக்கு ஏறி ஃபோன் செய்துவிடுவேன். அப்போதும் பாக எண்களை மட்டும் ஒரே எஸ்எம்எஸ்ஸாக அனுப்பி வைப்பேன், 6205-உம் 6206-உம் காதில் ஒன்றுபோலக் கேட்டுவிடும் என்பதால்.