புள்ளி தின்னும் ஸ்கேன்டெய்லர்: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

மன்னார்குடியில் இருந்து ஒரு தம்பி போன் பண்ணி, "அண்ணே, பழைய புஸ்தகத்தை ஸ்கேன் பண்ணினா பின்பக்கத்து எழுத்தும் சேர்ந்து விழுது, நல்ல ஸ்கேனரா ஒண்ணு சொல்லுங்க" என்றார். ஸ்கேனரை மாற்றினால் இது போகாது என்று சொன்னேன், அவர் நம்பவில்லை. அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன், கூடவே ஸ்கேன் செய்த பக்கங்களைச் சுத்தம் செய்கிற ScanTailor Advanced என்கிற இலவச மென்பொருளைப் பற்றி எனக்குள்ள எரிச்சலையும்.

முதலில் அந்த நிழல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். ஸ்கேனரின் வெளிச்சம் மெல்லிய காகிதத்தை ஊடுருவிப் போய், பின்னால் இருக்கிற வெள்ளை மூடியிலோ அடுத்த தாளிலோ பட்டுத் திரும்பி வருகிறது. பின்பக்கத்தில் மை உள்ள இடத்தில் மட்டும் அந்த வெளிச்சம் திரும்புவதில்லை, அதனால் அங்கே கண்ணாடியில் பார்த்த மாதிரி இடவலம் மாறிய எழுத்து மங்கலாகத் தெரிகிறது. அப்படியானால் பின்னால் வெள்ளையே இல்லாமல் செய்துவிட்டால் போதும். கடைத்தெருவில் ஸ்டேஷனரி கடையில் கறுப்பு சார்ட் வாங்கி, பளபளப்பு இல்லாததாகப் பார்த்து, பக்கத்தைவிட விரலளவு பெரிதாக வெட்டி, ஸ்கேன் செய்யும் தாளுக்குப் பின்னால் சொருகி வைக்கிறேன். என் மொத்த ஏற்பாட்டிலும் ஒருநாள்கூட என்னைக் கைவிடாத பொருள் இதுதான்.

கையில் இருந்த ஒரு புத்தகத்தை வைத்தே சொல்கிறேன். 1945 மகாமகத்தையொட்டி அச்சான சின்னக் கையேடு, தீர்த்தங்களையும் கோயில்களையும் பற்றியது. போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில் அடித்தது என்பதால் தாள் வெங்காயச் சருகு. மூடியை அப்படியே மூடி 600 டிபிஐ கிரேஸ்கேலில் எடுத்து, கிம்ப்பில் நிறமெடுக்கும் கருவியை வைத்து அளந்தால், வெற்றுக் காகிதம் 228, பின்பக்க நிழல் 183, நம் பக்கத்து எழுத்து 60 சுமார் (0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை). கறுப்பு சார்ட்டைச் சொருகி எடுத்ததில் காகிதம் 196, நிழல் 182. நிழல் அப்படியேதான் இருக்கிறது, காகிதம்தான் அதன் அளவுக்கு இறங்கி வந்துவிட்டது. பக்கம் மொத்தமும் சாம்பல் பூத்துத் தெரியும், புதிதாகச் செய்கிறவர்கள் இதைப் பார்த்து பயந்து சார்ட்டை எடுத்துவிடுகிறார்கள். எடுக்க வேண்டாம். வித்தியாசம் 45இல் இருந்து 14ஆகக் குறைந்திருக்கிறது, இனி ImageMagick என்கிற மென்பொருளின் ஒரு கட்டளையில் இரண்டையும் ஒரே தள்ளாகத் தள்ளி வெள்ளையாக்கிவிடலாம்:

```
magick 047.tif -colorspace Gray -level 20%,70% 047_lev.tif
```

70 சதவீதம் என்றால் ஏறத்தாழ 178. அதற்கு மேலே உள்ள எல்லாம் வெள்ளையாகிவிடும், 182இல் இருந்த நிழலும் சேர்ந்து போய்விடும். உங்கள் தாளுக்கு இந்த எண் வேறாக இருக்கும், நிழலை அளந்து அதற்குச் சற்றுக் கீழே வையுங்கள். மூடி வெள்ளையாக இருந்தாலும் இதே எண்ணை வைத்து நிழலை ஓட்டிவிடலாமே என்று கேட்கலாம். ஓட்டலாம், ஆனால் சரியாக மை விழாத மெல்லிய எழுத்துகளும் கூடவே ஓடிவிடும். அந்தக் கையேட்டில் மங்கலாக விழுந்த ஒரு மெய்ப்புள்ளி வெள்ளை மூடியில் 150, கறுப்பு சார்ட்டில் 132. மேலே உள்ள கட்டளைக்குப் பிறகு முன்னது 198 ஆகிக் கண்ணுக்கே தெரியாமல் போகிறது, பின்னது 162இல் நிற்கிறது. இந்த இடைவெளியில்தான் எல்லாம் இருக்கிறது.

ஏன் புள்ளியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்றால், பின்பக்க நிழலை நீக்குவது பற்றி இணையத்தில் கிடைக்கிற அறிவுரைகளில் பெரும்பாலானவை ஆங்கிலப் புத்தகத்தை மனதில் வைத்து எழுதியவை. அங்கே i, j இரண்டின் தலையில் உள்ள புள்ளி போனாலும் வாசிக்கிறவர் தடுக்கி விழ மாட்டார். நமக்கு அப்படியில்லை. மகாமகக் கையேட்டின் முன்னுரையில் ஒரு பெரியவரை "கல்வியிற் சிறந்த" என்று புகழ்கிற ஒரு வரி, ஸ்கேன்டெய்லர் தன் இயல்பான அமைப்பில் அதைச் சுத்தம் செய்து "கலவியிற் சிறந்த" என்று கொடுத்தது. அந்தப் பெரியவரின் பேரன் பேத்திகள் இன்னும் கும்பகோணத்தில்தான் இருக்கிறார்கள்.

சரி, ஸ்கேன்டெய்லருக்கு வருகிறேன். நேராக்குவது, இரண்டு பக்கத்தைப் பிரிப்பது, ஓரம் வைப்பது எல்லாவற்றிலும் அதற்கு ஈடு இலவசத்தில் நான் பார்த்ததில்லை. பூச்சி அரித்த, கோணலாகத் தைத்த புத்தகத்தைக்கூட இழுத்து நேராக நிறுத்திவிடும், அந்த வேலையை முதல்முறை பார்த்தபோது சிரித்தே விட்டேன். கடைசிக் கட்டமான Output-இல்தான் சண்டை. அங்கே கறுப்பு வெள்ளையாக மாற்றும் முறைகளில் Otsu-வை வைத்தால், பக்கம் முழுவதற்கும் ஒரே ஒரு வெட்டுக்கோடு. எழுத்துக் கறுப்புக்கும் தாள் வெள்ளைக்கும் நடுவே எங்கேயோ, இந்தப் பக்கத்தில் 130ஐ ஒட்டி, அது விழும். 162இல் இருக்கிற நம் புள்ளி வெள்ளையாகிவிடும். Thicker பக்கம் நகர்த்தினால் புள்ளி வரும், ஆனால் ஞ, ழ, இ மாதிரி சுழி உள்ள எழுத்தெல்லாம் உள்ளே அடைத்துக்கொண்டு தார் ஊற்றியது போலாகிவிடும்.

Sauvola-வை வையுங்கள். அது ஒவ்வொரு இடத்திலும் சுற்றுப்புறத்தின் சராசரியையும் ஏற்றத்தாழ்வையும் பார்த்து வெட்டுக்கோட்டை மாற்றிக்கொள்கிறது. எழுத்து நெருங்கியிருக்கிற இடத்தில் கோடு மேலே ஏறுவதால் மங்கிய புள்ளியும் உள்ளே வரும். எழுத்தே இல்லாத ஓரத்தில் கோடு நன்றாகக் கீழே இறங்குவதால், மிச்சம் மீதி நிழல் இருந்தாலும் வெள்ளையாகிவிடும். இரண்டு தொல்லைக்கும் ஒரே மருந்து. Window size-ஐ மட்டும் சின்னதாக வைக்காதீர்கள், குறைந்தது ஒரு வரி உயரமாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தலைக்கு மேலே தனியாக நிற்கிற புள்ளியைச் சுற்றி வெறும் வெள்ளைதான் கணக்கில் வரும், கோடு இறங்கும், புள்ளி திரும்பவும் போகும்.

இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய புள்ளியை அடுத்த நொடியே தின்பதற்கு Despeckle என்று ஒன்று இருக்கிறது பாருங்கள், அதைப் பற்றித்தான் எனக்கு வயிறு எரிகிறது. தூசியை நீக்குகிற வசதி. சின்னதாக, பெரிய எழுத்திலிருந்து தள்ளி இருப்பதெல்லாம் அதற்குத் தூசி. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத புள்ளி 300 டிபிஐயில் ஐந்து பிக்சல் அகலம்தான், அதுவும் பழைய ஈய எழுத்தில் தேய்ந்து பாதியாக விழுந்திருந்தால் கேட்கவே வேண்டாம். 600இல் எடுத்தால் பரப்பு நாலு மடங்காகும், அதற்காகவே 600 என்கிறேன், எழுத்தின் ஓரம் கூர்மையாக வருவது உபரி லாபம். புதிய ப்ராஜெக்ட் ஒவ்வொன்றிலும் இந்தச் சனியன் தானாகவே இயங்கும் நிலையில் வந்து உட்காரும். Tools மெனுவில் Default Parameters என்கிற இடத்தில் ஒருமுறை அணைத்துவிட்டால் திரும்ப வராது. தூசி நிறைய இருந்தால் Despeckling தாவலைத் திறந்து பாருங்கள், நீக்கப்போகிறதை நிறம் பூசிக் காட்டும். அந்த நிறம் வரிக்கு வரி எழுத்துகளின் தலைமேல் வரிசையாகத் தெரிந்தால் அது தூசி இல்லை.

நானூறு பக்கத்தைக் கண்ணால் சரிபார்க்க முடியாது என்பதால் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறேன். படத்தில் இருக்கிற எழுத்தைப் படித்துக் கொடுக்கிற டெஸராக்ட் மென்பொருளை கிரேஸ்கேல் பக்கத்திலும், முடித்த பக்கத்திலும் ஓடவிட்டு, புள்ளிகளை மட்டும் எண்ணுவது:

```
tesseract 047_lev.tif stdout -l tam | grep -o '்' | wc -l
tesseract 047_bw.tif stdout -l tam | grep -o '்' | wc -l
```

முன்னது 412, பின்னது 371 என்று வந்தால் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இரண்டும் ஒட்டி வந்தால் மேலே போகலாம். டெஸராக்ட் பழகிய சொல்லில் புள்ளி இல்லாவிட்டாலும் தானாகப் போட்டுக்கொள்வதுண்டு, அதனால் இந்த எண் இழப்பைக் குறைத்துத்தான் காட்டும். வித்தியாசம் வந்தால் நிச்சயம் கோளாறு, வராவிட்டால் முழு நிம்மதி கிடையாது.

கறுப்பு சார்ட் உதவாத பக்கங்களும் உண்டு. அச்சு மையின் எண்ணெய் தாளுக்குள்ளேயே ஊறி, எழுத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம் கட்டியிருந்தால் அது வெளிச்சத்தால் வருகிற நிழல் இல்லை, கறை. சார்ட்டைச் சொருகியும் சொருகாமலும் பார்த்தால் தெரிந்துவிடும்: தாளுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் குறையாமல் அப்படியே நின்றால் ஊறியதுதான். அந்தப் பக்கங்களைக் கலரில் ஸ்கேன் செய்து சிவப்புச் சேனலை மட்டும் எடுங்கள். பழுப்பு அதில் வெளிறிப்போகும், கறுப்பு கறுப்பாகவே இருக்கும்:

```
magick 112.tif -channel R -separate 112_r.tif
```

பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து, திருப்பிப் போட்டு, முன்பக்கத்தில் இருந்து கழிக்கிற வழியும் இருக்கிறது. தனித்தாளுக்குச் சரி. தைத்த புத்தகத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைவதில்லை, ஒரு பிக்சல் தள்ளினாலும் ஒவ்வொரு எழுத்துக்கும் வெள்ளை நிழல் ஒன்று முளைக்கும். நான் விட்டுவிட்டேன்.

இன்னொன்று, ஐப்பசி கார்த்திகையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். அடைமழையில் நம் பக்கத்து வீடுகளில் தாள் நமுத்துப்போகும், ஈரம் ஏறிய தாளில் வெளிச்சம் இன்னும் சுலபமாக ஊடுருவும், தையில் 14 இருந்த வித்தியாசம் அப்போது ஏறிவிடும். சார்ட்டும் நெளிந்து, நடுவில் தூக்கிக்கொள்ளும்.

ஸ்கேன்டெய்லரைப் பரிந்துரைப்பேனா என்றால், இன்றைக்கு இருக்கிற மனநிலையில் மாட்டேன். தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தால் இயல்பான அமைப்பிலேயே மெய்யெழுத்தை உயிர்மெய்யாக்குகிற ஒன்றை யாருக்கும் கைகாட்டக் கூடாது. மன்னார்குடித் தம்பிக்கு மட்டும் என் அமைப்புகளை ஏற்றிய ப்ராஜெக்ட் கோப்பை அனுப்பிவிட்டேன், வேறு என்னதான் இருக்கிறது அனுப்ப.