டிராக்டர் கடனா, மாட்டுக் கடனா?

வருமானம்: இரண்டு ஏக்கர் நிலம்தான் என்றால், சொந்த உழவு மட்டும் டிராக்டர் தவணைக்குக் காணாது, வாடகை உழவு வேண்டும், அதுவும் பருவத்தில்தான் கிடைக்கும். மாட்டில் தினமும் பால் காசு.

தவணை: டிராக்டருக்கு அறுவடையை ஒட்டிய அரையாண்டுத் தவணை கேளுங்கள். மாட்டுக்கு மாதத் தவணை சரிதான். சராசரியாக நாளுக்கு 10 லிட்டர் கறந்து, 6 லிட்டர் காசு தீவனத்துக்கே போனால், மாதம் மிஞ்சுவது 120 லிட்டர். தவணை 80 லிட்டர் விலை என்றால் கட்டிவிடலாம். ஆனால் ஈனுவதற்கு முந்தைய 2 மாதம் பால் வற்றவிட வேண்டும். தீவனச் செலவும் தவணையும் நிற்காது. சினை பிடிக்கத் தாமதமானால் பாலில்லாத காலம் இன்னும் நீளும். அதனால் இரண்டு மாடுகளை 6 மாத இடைவெளியில் வாங்குங்கள்.

அக்கம்பக்கத்தில் வாடகை உழவு உறுதியென்றால் டிராக்டர். வீட்டில் ஆளும் பசுந்தீவனமும் இருந்தால் மாடு.