டைம்லைனா, ஃபீச்சர் ட்ரீயா? ஒரு மோட்டார் ஸ்டாண்டை வைத்து அலசல்

ஃப்யூஷன், சாலிட்வொர்க்ஸ் இரண்டுமே 3டி கேட் மென்பொருள்கள்; முதலாவதில் டைம்லைன், இரண்டாவதில் ஃபீச்சர் ட்ரீ. ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்றின் டிரம்முக்கு மோட்டார் ஸ்டாண்ட் வரைகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7.5 கிலோவாட், 4 போல் மோட்டார், ஃப்ரேம் 132எம். கால் துளைகளின் இடைவெளி குறுக்கே 216 மிமீ, நீளவாக்கில் 178 மிமீ. வரைந்து முடித்த பிறகு, 11 கிலோவாட் வேண்டும் என்கிறார் முதலாளி. அது 160எம் ஃப்ரேம். இடைவெளி 254, 210 என்றாகிறது; தண்டின் உயரமும் 132-லிருந்து 160 மிமீ ஆகிறது.

ஃப்யூஷனில் மொத்த டிசைனுக்கும், செய்த வேலைகளை வரிசையாக ஐகான்களாகக் காட்டும் ஒரே டைம்லைன். துளை இடைவெளிகளையும் தண்டின் உயரத்தையும் காட்டும் ஸ்கெட்ச் ஒன்றை முதலிலேயே போட்டு, அளவுகளை `motor_A`, `motor_B`, `motor_H` என்று பாராமீட்டராக வைத்திருந்தால், மூன்று எண்களை மாற்றினால் போதும். மோட்டார் உட்காரும் பிளேட்டும் பெல்ட் கார்டும் இடமிருந்து வலமாகத் தாமாகவே திருந்தும். ஆனால் பெல்ட் கார்டை அந்த ஸ்கெட்சுக்கு முன்பே வரைந்திருந்தால், அதிலிருந்து ஸ்கெட்சைத் தொட முடியாது. ஸ்கெட்சின் ஐகானை இடப்பக்கம் இழுத்துத்தான் சரிசெய்யவேண்டும். கார்டையோ அதற்குப் பின் வந்த எதையாவதோ அந்த ஸ்கெட்ச் நம்பியிருந்தால் அதுவும் நடக்காது.

சாலிட்வொர்க்ஸில் ஒவ்வொரு பார்ட்டுக்கும் தனி ஃபைல், தனி ஃபீச்சர் ட்ரீ. பிளேட்டில் நடக்கும் குளறுபடி கார்டின் ட்ரீயைக் குழப்பாது. அசெம்பிளிக்குள் இருந்தபடி மோட்டாரைப் பார்த்துத் துளை வரைந்தால் மட்டும் சிக்கல். வேறு ஃபைலைச் சார்ந்திருக்கிறது என்று காட்ட, ஃபீச்சர் பெயருக்குப் பக்கத்தில் `->` வரும். பிளேட் ஃபைலை மட்டும் தனியே திறந்தால் அது `->?` ஆகிவிடும். மோட்டார் மாறியிருந்தாலும் துளை பழைய 216-லேயே நிற்கும். இது கண்ணுக்குத் தெரியாத தவறு என்பதால், பிழை வந்தால் டைம்லைனில் தெரியும் சிவப்பு ஐகானைவிட ஆபத்தானது.

பாடி என்பது வெறும் திட வடிவம், காம்போனென்ட் என்பது தனி உதிரிப்பாகம்; இந்த விஷயத்தில் ஃப்யூஷன் கறாரானது. ஜாயின்ட்டும், டிராயிங்கின் பார்ட்ஸ் லிஸ்ட்டும் காம்போனென்ட்டுக்குத்தான். ஆகவே ஸ்கெட்ச் போடுமுன் `New Component` கொடுத்து, அதை ஆக்டிவேட் செய்துவிடுங்கள். பாடியாக வரைந்துவிட்டுப் பிறகு `Create Components from Bodies` கொடுத்தால் பாடி மட்டும் போகும்; ஸ்கெட்சும் எக்ஸ்ட்ரூடும் மேல்மட்டத்திலேயே தங்கும். காம்போனென்ட்டை ஆக்டிவேட் செய்து பாருங்கள்: டைம்லைனில் அதன் ஃபீச்சர்கள் தெரியவில்லை என்றால் இதுதான் நடந்திருக்கிறது. இன்னொன்று, கட் கொடுக்கும்போது தெரியும் பாடிகள் எல்லாமே வெட்டுப்படலாம். வேண்டாதவற்றை முன்பே மறைத்துவிடுங்கள்.

வெல்டிங் ஸ்டாண்டுக்கு சாலிட்வொர்க்ஸையே தேர்ந்தெடுப்பேன். சேனல் துண்டுகள் ஒரே பார்ட்டில் பல பாடிகளாக இருக்கலாம். வெல்ட்மென்ட் கட் லிஸ்ட் ஒவ்வொன்றின் நீளத்தையும் தரும். ஃப்யூஷனில் அதே பட்டியலுக்கு ஒவ்வொரு துண்டும் காம்போனென்ட்டாக வேண்டும். மோட்டார், பிளேட், கார்டு மூன்றும் ஒன்றையொன்று பார்த்து மாறிக்கொண்டே இருக்கும் ஆரம்பக் கட்டத்தில் மட்டும் டைம்லைன்தான் வேகம்.