வெள்ளைத் தாள் சரி, சாறி பிழை: 62 கோப்புகளுக்கு நான் கொடுத்த 9,300 ரூபா

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், எந்தப் படக் கோப்பையும் நிறம் மாறாமல் 16 பிட் டிஃப் ஆக்கித் தருவதாகப் பலகை போட்ட ஒரு இடம் இருக்கிறது. பெயர் சொல்லப் போவதில்லை. இதே வேலையை இதே விதமாகச் செய்யும் இடங்கள் வேறும் இருக்கும். என்ன நடந்தது, எப்படிக் கண்டுபிடித்தேன் என்று எழுதிவைத்தால் அடுத்தவருடைய காசாவது தப்பும்.

நான் செய்வது குடும்பப் படங்களைச் சேர்த்து ஒட்டும் வேலை. ஊரில் பாதிப் பேர், வெளிநாட்டில் பாதிப் பேர் என்று ஆகிவிட்ட குடும்பங்கள், எல்லாரும் ஒன்றாக நிற்கும் ஒரு சுவர்ப் படம் கேட்பார்கள். இந்த முறை ஒரு அன்ரி, தன் அம்மாவின் எண்பதாவது பிறந்தநாளுக்குக் கேட்டார். அன்ரியும் சகோதரிகளும் மூன்று பேர்: ஒருவர் கொழும்பு, ஒருவர் லண்டன், ஒருவர் ரொறன்ரோ. மூவரும் ஒரே இடத்தில் ஒரே சிவப்புச் சாறி எடுத்திருந்தார்கள். கொழும்பில் இருப்பவர்களை மண்டபத்தில் ஃபிளாஷ் வைத்துக் கமராவில் எடுத்தேன், 44 ரோ கோப்புகள். லண்டனும் ரொறன்ரோவும் ஐபோனில் எடுத்து 18 ஹெய்க் கோப்புகளை அனுப்பின. ஒரு படத்திலாவது வெற்று வெள்ளைத் தாள் ஒன்றைக் கையில் பிடிக்கச் சொல்லியிருந்தேன்.

இந்த நேரம் பார்த்து என் கணினியின் டிஸ்க் போய்விட்டது. நாள் நெருக்கியதால் 62 கோப்புகளையும் அந்த இடத்தில் கொடுத்தேன். எல்லாம் sRGB என்ற பொதுவான நிறவெளியில், 16 பிட், டிஃப். கோப்புக்கு 150 ரூபா, மொத்தம் 9,300. மறுநாளே தந்துவிட்டார்கள். அந்த வேகத்தைப் பார்த்தாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

கடன் வாங்கிய கணினியில் ஒட்டும்போதே லண்டன் அக்காவின் சாறி மங்கலாகத்தான் தெரிந்தது. ஜன்னல் வெளிச்சம், அதனால் அப்படி என்று விட்டுவிட்டேன். அது என் பிழை. 24க்கு 36 அங்குலத்தில் பிரின்ட் போட்டு அன்ரி வீட்டுக்குக் கொண்டுபோனால், முதல் கேள்வியே அதுதான். "தம்பி, ஒரே சாறிதானே எடுத்தனாங்கள். அக்காவின்ர மட்டும் ஏன் செங்கல் மாதிரிக் கிடக்கு?"

அந்த இடத்துக்குத் திரும்பிப் போனேன். முதலாளி பொறுமையாகவே கதைத்தார். லண்டன் படத்தைத் திறந்து, அக்காவின் கையிலிருந்த தாளின் மேல் கர்சரை வைத்தார். மூன்று எண்களும் ஏறக்குறைய 231. "வெள்ளை வெள்ளையாத்தானே இருக்கு தம்பி. நிறம் பிழையெண்டால் இதிலயெல்லோ முதல் தெரியும்?"

கேட்க நியாயமாக இருந்தது. ஆனால் இந்த வகைப் பிழையில் வெள்ளையும் சாம்பலும் ஒருபோதும் காட்டிக்கொடுக்காது. ஐபோன் தன் படங்களைப் பொதுவாக Display P3 என்ற நிறவெளியில், அதாவது எந்த எண் எந்த நிறம் என்ற வேறொரு கணக்கில், எழுதுகிறது. அதற்கும் sRGB-க்கும் வெள்ளைப் புள்ளி ஒன்று, வெளிச்ச வளைவும் ஒன்று. வேறுபடுவது சிவப்பும் பச்சையும் எவ்வளவு ஆழம் போகலாம் என்பதில்தான். எனவே P3-இன் எண்களை அப்படியே வைத்துக்கொண்டு மேலே sRGB என்று சீட்டை மாற்றி ஒட்டினால், தாள் தாளாகவே இருக்கும். முகம் கொஞ்சம் சோர்ந்துபோகும். அடி வாங்குவது சாறிதான்.

நிரூபிக்க ஒரு வழி உண்டு. அனுப்பிய மூலக் கோப்பையும் அவர்கள் தந்த டிஃப்பையும் பக்கத்தில் வைத்து, சாறியில் அதே இடத்தின் எண்களைப் பார்க்க வேண்டும். மூலத்தில் P3 எண்கள் 200, 48, 52. அவர்களுடைய sRGB டிஃப்பிலும் 200, 48, 52. உண்மையாக மாற்றியிருந்தால் இந்த எண்கள் மாறியே ஆக வேண்டும். அதே நிறத்தை sRGB-இல் எழுதினால் ஏறக்குறைய 218, 19, 43 வரும். நிறம் மாறாமல் இருக்க எண் மாற வேண்டும், எண் மாறாவிட்டால் நிறம் மாறிவிட்டது என்று அர்த்தம். இதை முதலாளிக்கு விளக்க எனக்கு அரை மணித்தியாலம் போனது.

பிறகு அங்கே வேலை செய்யும் தம்பி, பாவம், தன் திரையைத் திருப்பிக் காட்டினார். அவர் ஓட்டும் கட்டளை இது:

```
magick IMG_2041.HEIC -strip -profile sRGB.icc -depth 16 IMG_2041.tif
```

கோப்பு சிறிதாகும் என்று யாரோ சொல்லிக்கொடுத்த `-strip` அங்கே நிற்கிறது. அது படத்தோடு ஒட்டியிருந்த, எண்கள் எந்த நிறவெளியில் என்று சொல்லும் P3 புரொஃபைலைக் கழற்றி எறிந்துவிடுகிறது. அதன் பிறகு வரும் `-profile`, எதிலிருந்து மாற்றுவது என்று தெரியாமல் sRGB என்ற சீட்டை மட்டும் ஒட்டிவிட்டுப் போகிறது. அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால் அதே கட்டளை நிறத்தைச் சரியாக மாற்றும். உங்கள் கையிலிருக்கும் கோப்பில் புரொஃபைல் இருக்கிறதா என்று இப்படிப் பார்க்கலாம்:

```
exiftool -ProfileDescription *.HEIC *.tif
```

ஆனால் இது மட்டும் போதாது. என் டிஃப்கள் எல்லாவற்றிலும் sRGB புரொஃபைல் அழகாக இருந்தது! சீட்டு இருப்பதும், சீட்டுக்கு ஏற்ற எண்கள் உள்ளே இருப்பதும் வேறு வேறு. ஆழமான ஒரு நிறத்தில் எண்களை ஒப்பிட்டுத்தான் தீர வேண்டும்.

சரி, ஹெய்க் அப்படி என்றால் ரோ எப்படி என்று அப்புறம்தான் தேடினேன். மண்டபத்தில் ஓரமாக ஒரு ஸ்டாண்டில் 18 சதவீதச் சாம்பல் அட்டை வைத்திருந்தேன். கமராவில் அளவு எதையும் மாற்றவில்லை, ஃபிளாஷும் மாறவில்லை. அப்படியென்றால் எல்லாப் படத்திலும் அட்டை ஒரே எண்ணாக இருக்க வேண்டும். அவர்களுடைய டிஃப்பில் அம்மம்மா தனியாக நின்ற படத்தில் 121, கடும் நிறச் சட்டைகளோடு பிள்ளைகள் நின்ற படத்தில் 139, வெள்ளை வேட்டியோடு மாமாமார் நின்றதில் 104. இந்த மூன்றையும் ஒட்டிவிட்டுத்தான், தோல் நிறம் ஏன் பொருந்தவில்லை என்று ஒரு இரவு முழுக்க மாய்ந்திருக்கிறேன்.

ரோவை விரிக்கத் தம்பி ஓட்டும் கட்டளை `dcraw_emu -w -T` மட்டும். இந்தக் கருவி, வேண்டாம் என்று சொல்லாவிட்டால், ஒவ்வொரு படத்தையும் தானே வெளிச்சமாக்கும். அந்தப் படத்தின் மிக வெளிச்சமான 1 சதவீதப் புள்ளிகள் உச்சத்தைத் தொடும் வரை தூக்கிவிடும். வேட்டி இருந்தால் அந்த உச்சம் சீக்கிரம் வரும், தூக்குவது குறையும். பிள்ளைகள் படத்தில் வெள்ளையே இல்லை, அதனால் நன்றாகத் தூக்கிவிட்டது. தனிப் படமாகப் பார்த்தால் மூன்றுமே அழகுதான், ஒட்டுவதற்கு மூன்றுமே உதவாது.

அதோடு அந்தக் கட்டளை தருவது 8 பிட் கோப்பு. அதைப் பிறகு `-depth 16` போட்டுப் பெரிதாக்கியிருக்கிறார்கள். அரைக் கொத்து அரிசியை மூட்டைக்குள் போட்டு மூட்டை விலை வாங்கிய கதை. இதைப் பிடிப்பது எளிது, சிவப்புத் தடத்தில் எத்தனை வெவ்வேறு எண்கள் என்று எண்ணச் சொன்னால் போதும்:

```
magick IMG_7310.tif -channel R -separate -format "%k\n" info:
```

ரோவிலிருந்து உண்மையாக வந்த 16 பிட் என்றால் பல ஆயிரம் வரும். எனக்கு வந்தது 251. 256-ஐத் தாண்டவில்லை என்றால் உள்ளே இருப்பது 8 பிட்.

62 கோப்புகளையும் நானே திரும்பச் செய்தேன். ரோவுக்கு முதலில் வெள்ளைச் சமநிலை. `-w` என்றால் கமரா அந்தந்தப் படத்துக்கு எழுதிவைத்ததை எடுக்கும், அது படத்துக்குப் படம் கொஞ்சம் அசையலாம். அதனால் அட்டை தெளிவாக இருந்த ஒரு படத்தை மட்டும் `-4 -o 0 -r 1 1 1 1` என்று, எதையும் திருத்தாமல் விரித்தேன். அட்டையில் சிவப்பு 4,100, பச்சை 8,530, நீலம் 5,260 வந்தது. பச்சையைச் சிவப்பால் வகுத்தால் 2.08, நீலத்தால் வகுத்தால் 1.62. இந்த இரண்டையும் 44 படங்களுக்கும் மாற்றாமல் கொடுத்தேன்:

```
dcraw_emu -r 2.08 1 1.62 1 -W -c 0 -o 1 -g 2.4 12.92 -6 -T IMG_7310.CR3
```

`-W` தானாக வெளிச்சமாக்குவதை நிறுத்துகிறது. `-c 0` உச்ச அளவைப் படத்துக்குப் படம் மாற்றாமல் வைக்கிறது. `-g` sRGB-இன் வளைவைக் கொடுக்கிறது; அதை விட்டால் கருவி வேறொரு வளைவை எடுத்துக்கொள்ளும். அட்டை மூன்று படங்களிலும் 101 காட்டியது. 18 சதவீதத்துக்கு sRGB-இல் வர வேண்டியது 118, ஆகவே நான் எடுத்தபோது வெளிச்சம் கொஞ்சம் குறைவு. அது பிரச்சினை இல்லை, எல்லாவற்றையும் ஒரே அளவில் தூக்கினால் சரி.

ஹெய்க்கைச் சரியாக மாற்றியதும் சாறி சிவப்புக்குத் திரும்பியது. ஆனாலும் முழுதாகப் பொருந்தவில்லை. போன் படம் எடுக்கும்போதே முகத்தை ஒரு அளவில், பின்னால் இருப்பதை இன்னொரு அளவில் தூக்கிவிடுகிறது, அதை யாராலும் திருப்பி எடுக்க முடியாது. அதனால் தாளை நிறச் சாய்வு பார்க்க மட்டும் பயன்படுத்தினேன், அதுவும் கவனமாக. அச்சுத் தாளில் சேர்க்கும் வெளுப்பு, ஜன்னல் வெளிச்சத்தில் கொஞ்சம் நீலம் அடிக்கும். வெளிச்ச அளவை முகத்தைப் பார்த்துக் கண்ணால்தான் வைத்தேன்.

இன்னொன்று. அந்தச் சாறியின் பச்சை எண் 19 வரை இறங்கியது. இதைவிட ஆழமான சிவப்பாக இருந்திருந்தால் sRGB-இல் அது 0-க்குக் கீழே போக வேண்டி வரும், 0-இலேயே வெட்டுப்படும், நெசவின் கோடுகள் ஒரே அப்பலாகிவிடும். அப்படிச் சாறி வந்தால் ரோவையும் Display P3-க்கே விரித்து, ஒட்டி முடித்து, பிரின்டுக்குப் போகும்போது ஒரே ஒரு தடவை sRGB-க்கு மாற்றுவேன்.

முதலாளி 18 ஹெய்க்குக்கான 2,700 ரூபாவைத் திருப்பித் தந்தார். ரோவுக்குத் தர மாட்டாராம், "படம் வந்ததுதானே" என்றார். இரண்டாவது பிரின்டின் செலவு என்னுடையது. தம்பி `-strip`-ஐ எடுத்துவிட்டதாக வட்ஸ்அப்பில் செய்தி போட்டார். `-W` பற்றிக் கேட்டேன், படம் இருட்டாக வருகிறது என்று வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வருவார்களாம், அதனால் அப்படியே விட்டிருக்கிறார்.