ஒரே கோழித் தொடை, நான்கு சமையல் முறைகள்

எலும்பும் தோலும் உள்ள கோழித் தொடையையே நான்கு முறையிலும் சமைத்துப் பாருங்கள். முதலில் ஆவியில் வேகவைப்பது. நீராவி சாதாரணமாக 100 டிகிரியைத் தாண்டாது. இறைச்சி நன்றாகச் சிவக்க ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். அதனால் ஆவியில் வெந்த தொடை சாறு குறையாமல் இருந்தாலும் வெளிறிப்போய், தோல் ரப்பராக இழுபடும். ஆவிக்கு மீன்தான் என் தேர்வு.

கொஞ்சம் எண்ணெயில் வறுப்பது வேகமான வேலை. ஆனால் எலும்போடு போட்டால் வெளியே கருகும், உள்ளே பச்சையாக நிற்கும். அதனால் இந்த முறைக்கு மட்டும் எலும்பை எடுத்து, ஈரத்தைத் துடைத்து, தோல் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். பொரியும் சத்தம் அடங்கி, அடியில் தண்ணீர் தேங்கினால் வாணலியில் துண்டுகள் அதிகம் என்று அர்த்தம்.

ஓவனில் 200 டிகிரியில் சுமார் 40 நிமிடம் ரோஸ்ட் செய்தால் தோல் மொறுமொறுப்பாகும், சுவை இறைச்சியிலேயே செறியும்.

பிரேசிங்கில் முதலில் எண்ணெயில் சிவக்க வைத்து, பிறகு பாதி உயரத்துக்கு ஸ்டாக், அதாவது எலும்பு வேகவைத்த சாறு, ஊற்றி மூடி, சிறு தீயில் முக்கால் மணி நேரம் விட வேண்டும். மூட்டைச் சுற்றியுள்ள கொலாஜன் என்ற புரதம் மெல்ல ஜெலட்டினாகக் கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். முதலில் கிடைத்த மொறுமொறுப்பு போய்விடும், நிறமும் மணமும் குழம்பில் இறங்கும். தளதளவென்று கொதிக்கவிட்டால் சதை இறுகி நார்நாராகும். முள்கரண்டி தடையில்லாமல் இறங்கினால் பதம். நெஞ்சுக்கறியில் கொலாஜன் குறைவு, அதை இப்படி வைத்தால் வறண்டுதான் போகும்.