புது விஎம்சியா, பழையதா: தேய்மானம் மிச்சப்படுத்தும் வரியையும் சேர்த்துப் பார்த்தால்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் என் மச்சானும் அவன் கூட்டாளியும் ஜாப் ஒர்க் பட்டறை நடத்துகிறார்கள். 2024 ஜூலையில் இருவருக்கும் ஒரே வாக்குவாதம். கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தைச் செதுக்கும் புது விஎம்சி மெஷின் 40 லட்சம், பத்து வருடத்துக்கும் குறைவாக ஓடிய நல்ல பழைய மெஷின் 26 லட்சம், எதை எடுப்பது என்று. (இரண்டும் ஜிஎஸ்டி இல்லாத விலை. ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொண்டால் அந்தத் தொகை மேல் தேய்மானம் கேட்க முடியாது, அதனால் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.)

கூட்டாளி சொன்னது இதுதான்: "தேய்மானம் புத்தகத்துல எழுதுற எழுத்துதானே மாப்ள, கைக்காசா வருது?"

பாதி சரி. தேய்மானம் என்பது மெஷின் விலையில் ஒரு பங்கை வருடா வருடம் செலவாகக் கணக்கில் எழுதுவது, அதனால் பணம் எதுவும் வராது. ஆனால் லாபத்திலிருந்து அதைக் கழித்த பிறகுதான் வரி போடுகிறார்கள், அதனால் டிசம்பர் 15, மார்ச் 15 என்று கட்ட வேண்டிய அட்வான்ஸ் டாக்ஸ் குறைகிறது. கட்டாமல் மிச்சமாகும் அந்தப் பணம் கைக்காசுதான். கூட்டு நிறுவனத்துக்கு 30 சதவீத வரி, மேலே 4 சதவீத செஸ், ஆக 31.2 சதவீதம் (வருமானம் ஒரு கோடியைத் தாண்டினால் சர்சார்ஜும் உண்டு, இவர்கள் அந்த அளவுக்குப் போகவில்லை). எனவே ஒரு லட்சம் தேய்மானம் எழுதினால் 31,200 ரூபாய் மிச்சம்.

இந்த மிச்சம் இரண்டு மெஷினுக்கும் ஒரே மாதிரி வருவதில்லை என்பதுதான் முக்கியமான விஷயம். இயந்திரங்களுக்கு வழக்கமான தேய்மானம் 15 சதவீதம், அதுவும் வருடா வருடம் மீதி மதிப்பின் மேல். உற்பத்தி செய்யும் நிறுவனம் புது இயந்திரம் வாங்கினால் முதல் வருடம் கூடுதலாக 20 சதவீதம் கிடைக்கும். வேறு யாராவது ஏற்கெனவே ஓட்டிய மெஷினுக்கு அந்த 20 கிடையாது, அது வெளிநாட்டில் ஓடி இறக்குமதியானதாக இருந்தாலும் சரி. ஆக புதுசுக்கு முதல் வருடம் 35 சதவீதம், 14 லட்சம் தேய்மானம். பழையதுக்கு 15 சதவீதம், 3.9 லட்சம்.

மிச்சமாகும் வரியை லட்சத்தில் போட்டால் இப்படி வரும்:

| வருடம் | புது மெஷின் | பழைய மெஷின் |
|---|---|---|
| 1 | 4.37 | 1.22 |
| 2 | 1.22 | 1.03 |
| 3 | 1.03 | 0.88 |
| 4 | 0.88 | 0.75 |
| 5 | 0.75 | 0.64 |

இதில் ஒன்றைக் கவனியுங்கள். புது மெஷினில் முதல் வருடத் தேய்மானம் 14 லட்சம் போனதும் மீதி மதிப்பு சரியாக 26 லட்சம், அதாவது பழைய மெஷின் வாங்கும் விலை. அதனால் இரண்டாம் வருடத்திலிருந்து புது மெஷின் வரிசை, பழையதின் வரிசையை ஒரு வருடம் தள்ளி எழுதியது போலவே போகிறது. விலை வித்தியாசமான 14 லட்சத்தை முதல் வருடமே தேய்மானமாக எழுதிவிடுகிறோம், அதற்கான வரி 4.37 லட்சம் அந்த வருடமே கைக்கு வந்துவிடுகிறது. சீக்கிரம் வரும் பணத்துக்கு மதிப்பு அதிகம். வருடத்துக்கு 12 சதவீத வட்டி வைத்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் ஐந்து வருட மிச்சம் புதுசுக்கு 6.59 லட்சம், பழையதுக்கு 3.37 லட்சம். வாங்கும்போது 14 லட்சமாகத் தெரிந்த இடைவெளி 10.8 லட்சத்துக்கு அருகில் வந்துவிடுகிறது.

சரி, அந்த 10.8 லட்சத்தைப் புது மெஷின் சம்பாதித்துத் தருமா? அவர்கள் இருவரும் உட்கார்ந்து மதிப்பிட்டதில் புது மெஷினில் செலவெல்லாம் போக வருடத்துக்கு 12.5 லட்சமும் பழையதில் 9 லட்சமும் நிற்கும் என்று வந்தது. ஸ்பிண்டில் பழுது, மெஷின் நிற்கும் நாட்கள், அளவு இம்மியும் பிசகக்கூடாத டைட் டாலரன்ஸ் வேலையை எடுக்க முடியாதது எல்லாம் சேர்ந்த வித்தியாசம் அது. வருடத்துக்கு 3.5 லட்சம் கூடுதல், வரி போக 2.41 லட்சம், ஐந்து வருடத்துக்கு இன்றைய மதிப்பில் 8.68 லட்சம். ஐந்து வருடம் கழித்து விற்றால் புதுசு 16 லட்சம், பழையது 8 லட்சம் போகும் என்று வைத்தோம். அந்த 8 லட்சம் வித்தியாசம் இன்றைய மதிப்பில் 4.54 லட்சம். இரண்டும் சேர்ந்து 13.22 லட்சம்.

தேய்மானத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் 14 லட்சம் கூடுதலாகப் போட்டு 13.22 எடுக்கிறோம், பழைய மெஷின் 78 ஆயிரத்தில் ஜெயிக்கிறது. தேய்மானத்தைச் சேர்த்தால் புது மெஷின் 2.44 லட்சம் மேலே. அதாவது கூட்டாளி "வெறும் எழுத்து" என்று ஒதுக்கிய வரிதான் முடிவையே மாற்றிப் போடுகிறது.

ஆனால் 2.44 என்பதும் முழுக்கச் சரியில்லை, நானே முதலில் இதைத் தவறவிட்டேன். வருமான வரியில் மெஷின்களைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை, ஒரே விகிதத்தில் வருவதெல்லாம் ஒரு தொகுப்பு. ஒன்றை விற்றால் விற்ற பணம் அந்தத் தொகுப்பின் மீதி மதிப்பிலிருந்து கழியும், மற்ற மெஷின்களும் தொகுப்பு மதிப்பும் மீதி இருக்கும் வரை அப்போதே வரி வராது, ஆனால் பின்னால் எழுதக்கூடிய தேய்மானம் குறையும். புது மெஷினின் மீதி மதிப்பு ஐந்தாம் வருட முடிவில் 13.6 லட்சம், விற்பதோ 16 லட்சத்துக்கு, ஆக மற்ற மெஷின்களின் தேய்மானத்தையும் கொஞ்சம் தின்னும். பழையதில் 11.5 லட்சம் மீதி இருக்க 8 லட்சத்துக்கு விற்பதால் 3.5 லட்சம் தொகுப்பில் தங்கி, தொடர்ந்து தேய்மானம் தரும். இந்த வால் பகுதியையும் இன்றைய மதிப்பில் போட்டால் சுமார் 60 ஆயிரம் பழைய மெஷின் பக்கம் சாய்கிறது. புதுசின் முன்னிலை 1.85 லட்சத்துக்கு அருகில் நின்றது.

இந்தக் கணக்கு உடைந்து போகும் இடங்களும் உண்டு. லாபமே இல்லாத வருடத்தில் முதல் வருட 4.37 லட்சம் வராது. எழுதாத தேய்மானம் அடுத்த வருடங்களுக்குப் போகும், போகப் போக இன்றைய மதிப்பு கரையும். தனிநபர் உரிமையாளர் புதிய வரி முறையில் இருந்தாலோ, கம்பெனி 22 சதவீத சலுகை விகிதத்தை எடுத்திருந்தாலோ அந்தக் கூடுதல் 20 சதவீதம் கிடையாது, வரி விகிதமும் மாறும், கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். விற்றுமுதலில் சதவீதம் வைத்து உத்தேச வருமானம் காட்டுபவர்களுக்குத் தேய்மானத்தைத் தனியாகக் கழிக்கவே முடியாது.

அப்புறம் தேதி. அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்திய மெஷினுக்கு அந்த வருடம் பாதி விகிதம்தான். அதாவது அக்டோபர் 3 தாண்டக்கூடாது. பில் தேதியை மட்டும் வைத்துத் தப்பிக்க முடியாது, மெஷின் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். தாண்டினால் புது மெஷினின் முதல் வருட வரி மிச்சம் 4.37லிருந்து 2.18 லட்சமாக இறங்கும். கூடுதல் 20 சதவீதத்தில் விடுபட்ட பாதி அடுத்த வருடம் கிடைக்கும், அந்த வருட மிச்சம் 2.79 லட்சமாக ஏறும், ஆனாலும் ஐந்து வருடத்தில் இன்றைய மதிப்பில் சுமார் 54 ஆயிரம் போய்விடும்.

2024இல் ஆயுத பூஜை அக்டோபர் 11. மச்சானுக்கு அன்றைக்குத்தான் சுவிட்ச் போட வேண்டும் என்று ஆசை. காலண்டரையும் இந்த 54 ஆயிரத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கரண்ட் லோடு உயர்த்தும் விண்ணப்பத்தை ஆகஸ்டிலேயே போட்டான், செப்டம்பர் 23 அன்று முதல் பிளேட் ஓடியது, இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்கி, அந்த வாரமே போட்ட முதல் ஜாப் ஒர்க் பில்லின் நகலையும் சேர்த்து ஆடிட்டர் கோப்பில் வைத்தோம். பூஜையை 11ஆம் தேதி, ஓடிக்கொண்டிருந்த மெஷினுக்கே போட்டார்கள்.